துண்டு போட்ட நாற்காலி

ஊரில் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்குத் துண்டு போடுவார்கள். தில்லியில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் துண்டு. அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் அதிகாரியா இல்லையா என்பதை அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். நாற்காலியில் வெள்ளைத் துண்டு தொங்கினால் அதிகாரி.

பூங்கோதைக்கு அந்தத் துண்டு வந்து சேர்வதற்குள் தலைமுடி பாதி அதே நிறத்துக்கு வந்துவிட்டது. விருதுநகரிலிருந்து கிளம்பி வந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம் தொடங்கி, ஜனக்புரியில் சொந்த ஃப்ளாட் வாங்கி, படிப்படியாக ஏறி, போன கோடையில்தான் சார்புச் செயலர் ஆனாள். தனி அறை. வாசலில் பெயர்ப் பலகை. அழைப்பு மணி அடித்தால் வருவதற்கு நேகி என்ற உதவியாளர். நடுவில் கண்ணாடி போட்ட பெரிய மேஜை, அதற்குப் பின்னால் அந்த நாற்காலி.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவளுக்கு முன்னால் இருந்த ஹரியானாக்காரருக்காக வாங்கியது. அவர் வாசலில் நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டு நுழைவாராம். பூங்கோதை அதே வாசலில் குதித்தாலும் இடிக்காது. உயரத்தைக் குறைக்கும் விசை எப்போதோ இறுகிவிட்டது. முதல் நாள் சாய்ந்து உட்கார்ந்தபோது கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோப்போடு ஒருவர் உள்ளே வர, சட்டென்று முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்கார்ந்து கால்விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். அன்று நகர்ந்தவள்தான். அதற்கப்புறம் அவள் முதுகுக்கும் அந்த வெள்ளைத் துண்டுக்கும் அறிமுகமே ஏற்படவில்லை.

வலி தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில், கை எட்டாத இடம் பார்த்து. காலையில் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி மெல்ல ஆரம்பிக்கும். சாயங்காலம் மெட்ரோவில் ஏறும்போது அந்தக் கட்டைவிரல் சூடான கரண்டிக் காம்பாக மாறியிருக்கும்.

"ஏங்க, இங்க கொஞ்சம் அமுக்குங்களேன்."

செல்வராஜ் பேங்கிலிருந்து திரும்பி, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் முதுகில் கட்டைவிரலை வைத்தான்.

"இங்கயா?"

"இன்னும் மேல. ஐயோ, அங்கதான்! விடாதீங்க."

"கோதை, உள்ள ஏதோ கயிறு மாதிரி உருளுதே."

அவன் சும்மா சொன்னதுதான். பூங்கோதைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே உருளுவது கயிறா, கட்டியா? அது தில்லியின் புகைமூட்டம் உச்சத்தில் இருந்த சமயம். எதிர் பிளாக் தெரியவில்லை. நுரையீரல் முதுகுப் பக்கம்தானே இருக்கிறது என்ற யோசனை அவளுக்கு வந்தது. வந்தது போகவில்லை. தில்லிக்காரர்களுக்கு நவம்பரில் கால் சுளுக்கினாலும் காற்றின் மேல்தான் சந்தேகம். காற்று சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, அது காற்றைத் தன் முதுகுப் பக்கமாக ஊதும்படி வைத்துக்கொண்டாள். முதுகு வழியாக மூச்சு விடுகிற ஒரே பெண் நீதான் என்றான் செல்வராஜ்.

அரசாங்க மருந்தகத்து டாக்டர் இதயத்தைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார். எல்லாம் சுத்தம். "பிசியோதெரபி போய்ப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் சிலருக்கு நிம்மதி வரும். பூங்கோதைக்கு, 'இவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லையே' என்று வந்தது.

ஆனால் அவள் நிஜமாகப் பயந்தது நோய்க்குக்கூட இல்லை. நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் வந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அமைச்சகத்தின் பதில்களைத் தயாரிக்கும் பொறுப்பை இந்த முறை துணைச் செயலர் கபூர் அவளிடம் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். இதற்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரத்த அழுத்தம் என்று ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது அவரைப் பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவரும் பழைய கோப்புகளும் ஒருவரையொருவர் பாதுகாத்துக்கொண்டிருந்தார்கள். 'மேடமுக்கு முடியலையாம்' என்று ஒரு வார்த்தை காரிடாரில் கிளம்பினால் போதும். ஆகையால் வலியை அவள் ரகசியக் கோப்பு மாதிரி வைத்துக்கொண்டாள்.

பிசியோதெரபிஸ்ட் ஷ்வேதாவின் கிளினிக் ஜனக்புரி மார்க்கெட்டில், பன்னீர்க் கடைக்கு மேல். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், வார்த்தை கிடைக்காத இடத்தில் இந்தியைப் போட்டு நிரப்பிக்கொள்வாள். பூங்கோதையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள், விரல்களை அழுத்தச் சொன்னாள்.

"ஆன்ட்டி, கை மரத்துப் போகுதா? ஜுன்ஜுனி மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி?"

"இல்லம்மா."

"மாடி ஏறினா நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது? ஜுரம்? வெயிட் குறையுதா?"

"வெயிட்டா? குறைஞ்சா உனக்கு இனிப்பு வாங்கித் தரேன்."

"தூக்கத்துல வலி எழுப்புதா?"

"இல்ல. படுத்தா அடங்கும். லீவு நாள்ல கம்மியா இருக்கு."

"அச்சா. சண்டே கம்மி." ஷ்வேதா தோள்பட்டை ஓரமாக ஒரு விரலை வைத்தாள். பூங்கோதை துள்ளிவிட்டாள். "இதானே? இது கட்டி இல்ல, மஸில்தான். ரொம்ப டைட்டா இருக்கு. நீங்க ஆபீஸ்ல எப்படி உக்கார்றீங்கன்னு சைட்லேர்ந்து ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. அதைப் பார்த்தாதான் எனக்குப் புரியும்."

இதில்தான் தப்பு நடந்தது. ஷ்வேதாவுக்கு எலும்பும் தசையும் தெரியும். அரசாங்க அலுவலகத்தில் ஃபோட்டோ எடுப்பது என்றால் என்னவென்று தெரியாது.

மறுநாள் காலை பூங்கோதை மணி அடித்து, நேகியிடம் ஃபோனைக் கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. நேகி தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். மேடம் பெரிய இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். மேஜைக் கண்ணாடியைத் துடைத்தான். துண்டின் மடிப்பைச் சரிசெய்தான். பேனாத் தாங்கியை நேராக வைத்தான். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் கொண்டுவந்து, நேராக நிமிர்ந்து உட்காரும்படி இந்தியில் சொன்னான்.

"மேடம்ஜி, சீதா. இன்னும் சீதா. தோ, பர்ஃபெக்ட்!"

பூங்கோதையும் மனுஷிதானே. முந்தானையைச் சரிசெய்து, பின்னால் நகர்ந்து, முதுகைச் செங்குத்தாக்கி, முகவாயை உள்ளே இழுத்துக்கொண்டாள். தொங்குகிற கால்களை மேஜையின் பக்கப் பலகை மறைத்தது. அரசு நாட்காட்டியில் போடலாம் போல வந்தது படம்.

அதைப் பார்த்து ஷ்வேதா குழம்பினாள். "ஆன்ட்டி, நாள் பூரா இப்படியேவா உக்கார்றீங்க?"

"ஆமாம்மா" என்றாள் பூங்கோதை. பொய் என்று அவளுக்கே தெரியாது. தான் உட்கார்ந்திருப்பதை யார் பார்த்தார்கள்?

"ரொம்பக் கரெக்டா இருக்கு. என் பேஷன்ட் யாருமே இப்படி உக்கார மாட்டாங்க." ஷ்வேதா சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தாள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து விடுவது ஒன்று. கதவு நிலையில் கைகளை ஊன்றி நெஞ்சை விரிப்பது இன்னொன்று. "செய்ங்க, பார்க்கலாம். குறையலேன்னா டாக்டர்கிட்ட கழுத்துக்கு எம்ஆர்ஐ கேட்போம். கழுத்துலேர்ந்தும் வலி இந்த இடத்துக்கு இறங்கி வரலாம்."

பயிற்சி என்ற வார்த்தை படியிறங்கும் வரைகூட அவள் மனதில் நிற்கவில்லை. எம்ஆர்ஐ மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

அதோடு ஷ்வேதா பாராட்டியதையும் விடவில்லை. 'இப்படி உட்கார்வதுதான் சரி' என்று கேட்டுவிட்டாள் அல்லவா? அலுவலகத்தில் அந்தப் படத்தைப் போலவே விறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சாய இடமில்லாத விளிம்பில், குடியரசு தின அணிவகுப்புக்கு நிற்கிறவள் மாதிரி. பத்து நிமிஷத்தில் முதுகு கதறும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் விறைப்பாள். பிறகு கோப்பில் மூழ்கியதும் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. வலி இப்போது மதியத்துக்குக் காத்திருக்கவில்லை. காலைத் தேநீரோடு சேர்ந்து வந்தது.

கூட்டத்தொடர் நெருங்க நெருங்கக் கேள்விகள் வந்து குவிந்தன. கோப்புகளில் முக்கால்வாசி இப்போது கம்ப்யூட்டரில்தான். ஆனால் அதிகாரியின் மேஜையில் கம்ப்யூட்டரை நடுவில் வைக்கும் வழக்கம் இல்லை. முன்னால் வைத்துக்கொண்டு தட்டுவது குமாஸ்தா வேலை. அதிகாரிக்கு முன்னால் வெறும் கண்ணாடியும் கம்பீரமும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வலப் பக்கத்துத் தனி மேஜையில், வேண்டாத உறவினர் மாதிரி ஒதுங்கியிருக்கும்.

ஒரு நாள் 'பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டவர்கள்' என்ற வரியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வலி பளிச்சென்று இழுத்து, கை நின்றுவிட்டது. அடுத்த அறையில் கபூரின் குரல் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிடலாமா' என்று முதன்முதலாக நினைத்தாள். நினைத்ததற்கே கண்ணில் நீர் வந்தது. வலியால் வந்ததா, அந்தப் பழைய கோப்புப் பிரிவை நினைத்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த வாரம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி ஓய்வு. பூங்கோதையின் அறைதான் பெரிது என்பதால் சமோசாவும் கேக்கும் அங்கே. அவளுக்கோ ஒரு பதிலை உடனே அனுப்ப வேண்டியிருந்தது. எல்லோரும் கூடிக் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு ஓரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அலுவலக வாட்ஸாப் குழுவில் படங்கள் வந்து விழுந்தன.

மெட்ரோவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஓய்வு பெறுகிறவர் கேக் வெட்டுகிறார். கல்யாணராமன் சமோசாவோடு சிரிக்கிறார். இந்தக் கல்யாணராமன் அவளோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். அவள் மேலே போனபின் அவள் விட்டுவந்த இடத்தில் பிரிவு அதிகாரியாக உட்கார்ந்திருப்பவர். அவர் தோளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்மணி, பக்கவாட்டில்.

பாவம், யார் இது என்றுதான் பூங்கோதை முதலில் நினைத்தாள். நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொட, முதுகு கேள்விக்குறியாக வளைந்து, உடம்பு ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாகத் திருகி, தலையை ஆமை மாதிரி திரைக்குள் நீட்டிக்கொண்டு... அப்புறம்தான் புடவையைப் பார்த்தாள். கரோல் பாகில் அவளே பேரம் பேசி வாங்கிய புடவை.

ராஜீவ் சவுக்கில் வண்டி மாற வேண்டும். மாறவில்லை. இரண்டு நிலையம் தள்ளித்தான் நினைவு வந்தது.

கிளினிக்கில் படத்தைக் கண்டதும் ஷ்வேதா, தான் உட்கார்ந்திருந்த சிகிச்சைக் கட்டிலிலிருந்து குதித்து எழுந்தாள். "ஆன்ட்டி! இதைத்தானே கேட்டேன் நான்! அன்னிக்கு அனுப்பினது யாரு, உங்க சிஸ்டரா?"

"நான்தான்மா. அது... ஃபோட்டோவுக்கு."

ஷ்வேதா சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பூங்கோதை மெல்லக் கேட்டாள். "அப்போ எம்ஆர்ஐ?"

"இப்போ வேணாம். முதல்ல இதைப் பார்ப்போம். அந்த டிபன் பையைக் கையில எடுங்க. கையை நேரா முன்னாடி நீட்டுங்க. அப்படியே பிடிங்க."

காலி டிபன் பை. எடையே இல்லை. ஷ்வேதா நிதானமாகத் தண்ணீர் குடித்தாள், யாருக்கோ ஃபோனில் பதில் அனுப்பினாள். பூங்கோதையின் தோள் எரிய ஆரம்பித்தது. கை தானாகத் தாழ்ந்தது.

"பை கனமாயிடுச்சா ஆன்ட்டி?"

"பை அப்படியேதான் இருக்கு. கைதான் போகுது."

"பஸ், அவ்வளவுதான். இதான் உங்க வியாதி. தலை எவ்வளவு வெயிட்டு தெரியுமா, நாலஞ்சு கிலோ. அது கழுத்து மேல நேரா இருந்தா எலும்பு தாங்கிக்கும். முன்னாடி நீட்டினா, பின்னாடி இருக்கற மஸில்தான் பிடிச்சு இழுத்துட்டே இருக்கணும். தோள் முன்னாடி சரியுது. அதனால ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல இருக்கறது இழுபட்டு நீண்டுபோய் நிக்குது. நீண்ட நிலையிலேயே வேலை செய்யுது, பேச்சாரி, பாவம். லேசான வேலைதான். ஆனா லீவே இல்ல. இறுகியே இருந்தா ரத்தம் சரியா உள்ள போகாது, களைச்சுப் போயிடும். மதியம் ஆனா அழ ஆரம்பிக்குது."

"நான்தான் அப்புறம் நேரா உக்காந்தேனே. இன்னும் ஜாஸ்தி ஆச்சு."

"சாஞ்சுக்காம நேரா உக்காந்தாலும் அதே மஸில்தானே பிடிக்கணும்? எப்படி உக்கார்றீங்கங்கறது பாதிதான். எவ்வளவு நேரம் அசையாம உக்கார்றீங்கங்கறது மீதி. முதுகு சாயணும், கால் தரையில இருக்கணும், ஸ்க்ரீன் முன்னாடி வரணும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும். பயிற்சியும் விடக் கூடாது. முதல்ல அந்த நாற்காலியை மாத்துங்க."

பூங்கோதை டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மற்றதெல்லாம் சரி. நாற்காலியையா?

இரண்டு நாள் யோசித்தாள். புது நாற்காலிக்கு எழுதினால் கோப்பு சுற்றி வருவதற்குள் அவள் ஓய்வு பெற்றுவிடுவாள். அவள் உயரத்துக்குச் சரியாகப் பொருந்துகிற நாற்காலி ஒன்று இருக்கிறது. அவளுடைய பழைய நாற்காலி. விசை வேலை செய்யும், கால் தரையில் படும், முதுகு சாயும். அதில் இப்போது கல்யாணராமன். கூட்டத்தொடர் தொடங்கும் தினத்தன்று காலையில் சீக்கிரமே போய் அவர் முன்னால் நின்றாள்.

"கல்யாணம் சார், உங்க நாற்காலி எனக்கு வேணும்."

கல்யாணராமன் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "என்ன மேடம்? என்னை மாத்திட்டாளா?"

"ஐயோ, இல்ல. நாற்காலியை மட்டும். நீங்க என்னோடதை எடுத்துக்கோங்க."

"உங்க... அந்தப் பெரிய நாற்காலியையா?" அவர் நல்ல உயரம். தன் முழங்காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "துண்டோடயா?"

"துண்டு எனக்கு வேணும்."

"அதானே பார்த்தேன்" என்றார் கல்யாணராமன்.

நேகி நாற்காலியைக் காரிடாரில் உருட்டிக்கொண்டு போனபோது வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. அலுவலகத்தில் நாற்காலி தனியாக நகராது. ஆளும் கூடவே நகர்வதுதான் வழக்கம். தேநீர் நேரத்துக்குள் பூங்கோதையை மாற்றிவிட்டார்கள் என்று மூன்றாம் மாடிக்குச் செய்தி போய்விட்டது. அவள் கம்ப்யூட்டரை மேஜை நடுவில் வைத்து, அடியில் பழைய அரசிதழ்களை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினாள். துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வாசலிலிருந்து பார்த்தால் அதிகாரி தெரியவில்லை. திரைக்கு மேல் கொஞ்சம் கொண்டை தெரிந்தது.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்தாள். அதிகாரி எழுந்து நின்றால் என்ன அர்த்தம்? எதிரில் கோப்போடு உட்கார்ந்திருந்தவர் பேச்சை முடித்துக்கொண்டு ஓடினார். வாசலுக்கு வந்து தோளைச் சுழற்றினாள். பரிசோதனைக்கு வருகிறாள் என்று எதிர் அறையில் எல்லோரும் ஃபோனை இழுப்பறையில் போட்டார்கள்.

மதியம் கபூர் கூப்பிட்டனுப்பினார்.

காரிடாரில் நடக்கும்போதே அவள் பதில் தேட ஆரம்பித்தாள். செய்தி அவர் காதுக்குப் போயிருக்கும். கல்யாணராமனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார். என்ன சொல்வது? நாற்காலி உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? வாஸ்து என்று சொல்லலாமா? வாஸ்து என்றால் தில்லியில் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

"பூங்கோதைஜி, குர்சி கா க்யா சக்கர் ஹை?" நாற்காலி விவகாரம் என்ன என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார் கபூர்.

வாஸ்து நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வாட்ஸாப் படத்துப் பெண்மணி கண் முன்னால் வந்து நின்றாள். அவளை இன்னொரு தடவை ஃபோட்டோவுக்கு நிற்க வைக்க மனசு வரவில்லை.

"முதுகு வலி சார். ரெண்டு மாசமா. அந்த நாற்காலி எனக்குப் பெரிசு. கால் எட்டலை" என்று இந்தியில் சொன்னாள். சொல்லி முடித்ததும் காது சுட்டது.

கபூர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பழைய கோப்புப் பிரிவின் பூஞ்சை வாசனை அவள் மூக்கில் அடித்தது.

"வேலை செய்ய முடியுமா?"

"இப்போ முடியும் சார். நடுநடுவே எழுந்து நடக்கணும்."

"நடங்க. நடந்து வரும்போது நாளைய கேள்விக்கான துணைக் குறிப்பையும் எடுத்துட்டு வாங்க. மந்திரி ஆறு மணிக்குப் பார்க்கணுமாம்." அவர் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். இரண்டு மாதமாக அவள் உறைபோட்டு முத்திரை வைத்துப் பாதுகாத்த ரகசியம் அவருக்கு அரை நிமிஷ வேலை.

அறைக்குத் திரும்பிச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிந்தன. சாய்ந்தாள். முதுகு துண்டைத் தொட்டது.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. சாயங்காலம் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் வந்துவிட்டது. ஷ்வேதா சொல்லியிருந்தாள், ஒரு நாளில் போகாது, வாரக்கணக்கில் ஆகும் என்று. போகாவிட்டால்? எம்ஆர்ஐ இன்னும் மனதின் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் கட்டைவிரல் கரண்டிக் காம்பாவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளைப் பின்னால் சேர்த்து, விட்டு, மறுபடி சேர்த்துக்கொண்டு காரிடாரில் நடந்தாள்.

கல்யாணராமனின் அறை வாசலில் அவள் நடை மெதுவானது. அவர் பெரிய நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து கிடந்தார். கால் நீட்டி, கண் மூடி. முதுகுக்குப் பின்னால், வீட்டிலிருந்து வரவழைத்தாரோ என்னவோ, ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது.